போலீஸ் ரிப்போர்ட் நகலைப் படிப்பது எப்படி: திருடுபோன ஒரு மோட்டாரை வைத்து முழு விளக்கம்

"ரிப்போர்ட் போட்டாச்சு, இனி போலீஸ் பார்த்துக்கொள்ளும்" என்று நகலை நாலாக மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள்தான் எங்கள் தோட்டப் பக்கத்தில் அதிகம். ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால், மேலே ஒரு நம்பர், நடுவில் மலாயில் நாலைந்து வரி, கீழே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். வழக்கு இருக்கிறதா இல்லையா, யார் விசாரிக்கிறார், எந்தச் சட்டப் பிரிவு என்று ஒன்றும் அந்தத் தாளில் தெரியாது. அது தாளின் குறை இல்லை. நீங்கள் என்ன சொன்னீர்கள், எப்போது சொன்னீர்கள் என்பதைப் பதிவு செய்வதுதான் அதன் வேலை. அடுத்து நடப்பதைத் தெரிந்துகொள்ள வேறு இரண்டு விஷயங்களை நாமேதான் கேட்டு வாங்க வேண்டும்.

தமிழ்நாட்டுச் செய்திகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். அங்கே எஃப்.ஐ.ஆர். என்றால், போலீஸ் நேரடியாகக் கைது செய்து விசாரிக்கக்கூடிய குற்றத்துக்கு மட்டும் போடுவது. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று அந்தப் படிவத்திலேயே கட்டம் இருக்கும். மற்ற புகார்களுக்கு சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிடுவார்கள். மலேசியாவில் அப்படி இல்லை. ஐ.சி. தொலைந்தாலும் சரி, வீடு புகுந்து திருடினாலும் சரி, கிட்டத்தட்ட ஒரே மாதிரியான ரிப்போர்ட்தான். குற்றம் பற்றிய முதல் தகவலாக அது இருந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆவது பிரிவின் கீழ் வரும். அதனால் கையில் ரிப்போர்ட் இருப்பதை வைத்து வழக்கு திறந்துவிட்டார்கள் என்று முடிவு கட்ட முடியாது.

ஓர் உதாரணத்தை வைத்தே போவோம். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அண்ணன். 2025 மார்ச் 2ஆம் தேதி, ஞாயிறு இரவு 11 மணிக்குத் தன் மோட்டார் சைக்கிளை லயத்து வீட்டின் முன்கூரையடியில் ஹேண்டில் பூட்டிவிட்டுத் தூங்கப் போகிறார். மறுநாள் காலை 5.15க்குப் பெரட்டுக்குக் கிளம்பினால் மோட்டார் இல்லை. அன்று காலை 9.40க்குப் பட்டணத்துப் போலீஸ் நிலையத்தில் ரிப்போர்ட் போடுகிறார்.

முதல் படி: கவுண்டரை விட்டு நகராமல் படியுங்கள்

சொன்னதை எழுத்தில் போட்டு, சொன்னவருக்கே படித்துக் காட்டி, அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது 107ஆவது பிரிவிலேயே இருக்கிறது. நடப்பில், போலீஸ்காரர் தட்டச்சு செய்து முடித்து, தாளைத் திருப்பி வைத்து, "சைன் சினி" என்பார். பின்னால் நாலு பேர் காத்திருப்பார்கள். இருந்தாலும் அந்த இடத்தில் இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் ஒருமுறை பதிவாகிவிட்டால் பிறகு யாரும் அதை அழித்து எழுத மாட்டார்கள்.

தாளின் தலைப்பகுதியில் நிலையத்தின் பெயர், மாவட்டம், மாநிலப் போலீஸ் பிரிவு, அப்புறம் ரிப்போர்ட் எண். எண் பெரும்பாலும் நிலையத்தின் பெயர், ஒரு வரிசை எண், வருடம் என்று சாய்கோடு போட்டு இருக்கும். உதாரணமாக 001872/25 என்றால், அந்த நிலையத்தில் 2025இல் பதிவான 1872ஆவது ரிப்போர்ட். இந்த எண் ஒரு நிலையத்துக்குள்தான் செல்லும். எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வேறு நிலையத்தில் போய்க் கேட்டால் யாருக்கும் ஒன்றும் புரியாது. நிலையத்தின் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அதற்குக் கீழே, எங்கள் ஆட்கள் கண்ணே வைக்காத ஒரு வரி உண்டு: 'பஹாசா டித்ரிமா', அதாவது எந்த மொழியில் தகவல் வாங்கினார்கள் என்பது. மொழிபெயர்த்தவர் இருந்தால் அவர் விவரத்துக்கும் இடம் உண்டு. வயதான அம்மா ஒருவர் தமிழில் சொல்கிறார், பக்கத்தில் இருந்த மருமகன் மலாயில் சொல்கிறார், போலீஸ்காரர் எழுதுகிறார் என்று வையுங்கள். மருமகன் பெயர் மொழிபெயர்ப்பாளர் இடத்தில் வர வேண்டும். அப்படிப் போடாமல் அம்மாவே மலாயில் சொன்னதாகப் பதிவாகிவிட்டால், ஒரு வருடம் கழித்து நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரியிலிருந்துதான் ஆரம்பிப்பார். "நீங்களே மலாயில் சொல்லியிருக்கிறீர்கள், இப்போது ஏன் அப்படிச் சொல்லவில்லை என்கிறீர்கள்?" என்பார். தமிழில் சொன்னால் தமிழ் என்றே போடச் சொல்லுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

புகார்தாரர் விவரத்தில் ஐ.சி. எண், முகவரி, கைப்பேசி எண் மூன்றையும் சரிபாருங்கள். தோட்டத்தை விட்டு வெளியேறி பட்டணத்தில் வீடு வாங்கியவர்கள் பலருக்கு ஐ.சி.யில் இன்னும் பழைய டிவிஷன் முகவரிதான். அழைப்புக் கடிதம் அங்கே போனால் வாங்க ஆள் இருக்காது.

இரண்டாம் படி: நடுவில் உள்ள வாக்குமூலம்

'பெங்காடு மெஞாதாக்கான்' என்று ஆரம்பிக்கும் பகுதி இது. நம் அண்ணன் அவசரத்தில் சொல்லியிருந்தால் இப்படித்தான் பதிவாகியிருக்கும்: "3.3.2025 காலை 5.15 மணிக்கு வீட்டில் என் மோட்டார் சைக்கிள் காணாமல் போனது." படிக்கும்போது தப்பு எதுவும் தெரியாது. ஆனால் மோட்டார் 5.15க்குப் போகவில்லை, போயிருப்பது 5.15க்குத்தான் தெரிந்தது. இப்படி எழுதினால், விசாரணை அதிகாரி தோட்ட நுழைவாயில் கேமராவில் ஐந்து மணியைச் சுற்றித்தான் தேடுவார். பிடிபட்டவன் "ஐந்து மணிக்கு நான் வேறு ஊரில் இருந்தேன்" என்று சாட்சி கொண்டுவந்தால், அதற்கும் வழிவிட்டது போலாகும்.

சரியானது இதுதான்: "2.3.2025 இரவு 11 மணி அளவில் வீட்டின் முன்கூரையடியில் ஹேண்டில் பூட்டி நிறுத்தினேன். 3.3.2025 காலை 5.15 மணி அளவில் வேலைக்குக் கிளம்பியபோது அங்கே இல்லை என்று தெரிந்தது." கடைசியாகப் பார்த்த நேரம், இல்லை என்று தெரிந்த நேரம் இரண்டும் வந்துவிட்டன. இடையில் உள்ள ஆறேகால் மணி நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம்.

எங்கே நின்றது என்பதும் நேரத்துக்குச் சமமான முக்கியம். முன்கூரையடியில் நின்றிருந்தால் அது வெறும் வாகனத் திருட்டு. பூட்டிய வீட்டுக்குள், சமையல்கட்டில் நிறுத்தியிருந்து, கதவை உடைத்துக் கொண்டுபோயிருந்தால் அது இரவில் வீடு புகுந்து திருடிய குற்றமாகிவிடும். பிரிவு மாறும், தண்டனை மாறும், கைதானவரை எத்தனை நாள் தடுத்து வைக்கலாம் என்பதும் மாறும். 'வீட்டில்' என்று மொட்டையாக எழுதிவிட்டால் இது எதுவும் தெரியாது.

வண்டி எண், சேஸிஸ் எண், இன்ஜின் எண் மூன்றையும் கிராண்டைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். பதிவு எண்ணில் ஓர் எழுத்து மாறினால், அதிலிருந்து கிளம்பும் எல்லாத் தேடலும் யாரோ ஒருவரின் வண்டியைத் தேடிக்கொண்டிருக்கும். இன்னொன்று, தவணை பாக்கி இருந்தால் முதலில் கடன் கொடுத்த நிறுவனத்தைக் கேட்டுவிட்டு ரிப்போர்ட் போடுங்கள். இழுத்துக்கொண்டு போன வண்டியைத் திருட்டு என்று போட்டுவிட்டுப் பிறகு விழிப்பவர்கள் உண்டு. தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் அது குற்றவியல் சட்டத்தின் 182ஆவது பிரிவில் வரும். ஆறு மாதம் வரை சிறை, 2000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு தப்பு கண்ணில் பட்டால்? பேனாவால் திருத்தாதீர்கள். திரும்பப் போய், முதல் ரிப்போர்ட்டின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, எது தப்பு, எது சரி என்று இரண்டாவது ரிப்போர்ட் போடுங்கள். இரண்டு நகலையும் சேர்த்தே வையுங்கள். முதல் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு சிறு விவரமும் இருந்தாக வேண்டும் என்று நீதிமன்றம் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் அடிப்படை விஷயம் முதலில் ஒரு மாதிரியும் பிறகு வேறு மாதிரியும் இருந்தால் காரணம் கேட்பார்கள். அதனால் திருத்தம் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

வாக்குமூலத்தின் கடைசி வரியையும் விட்டுவிடாதீர்கள். ரிப்போர்ட் எதற்காகப் போடப்படுகிறது என்று பெரும்பாலும் அங்கே எழுதுவார்கள். மேல் விசாரணைக்காகவா, வெறும் குறிப்புக்காகவா, இன்சூரன்ஸுக்காகவா? திருடனைப் பிடிக்க வேண்டும் என்று நினைக்கிறவரின் தாளில் 'குறிப்புக்காக' என்று இருந்தால், கையெழுத்துப் போடும் முன்பே மாற்றச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: பிரிவையும் விசாரணை அதிகாரியையும் கேட்டு வாங்குவது

பிரிவை முடிவு செய்வது புகார்தாரர் இல்லை. ரிப்போர்ட் மாவட்டப் போலீஸ் தலைமையகத்துக்குப் போய், அங்கே வகைப்படுத்துவார்கள். விசாரிக்க வேண்டியது என்றால் விசாரணைப் பத்திரம் திறந்து, ஐ.ஓ. என்று நாம் சொல்லும் விசாரணை அதிகாரி ஒருவரிடம் கொடுப்பார்கள். அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் கவுண்டரில் ஒரு துண்டுச் சீட்டில் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஓரிரு நாளில் போய் இரண்டே கேள்வி கேளுங்கள்: ஐ.ஓ. யார், எந்தப் பிரிவில் விசாரிக்கிறார்கள்? பதிலை நகலின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

நம் அண்ணனின் வழக்குக்குக் குற்றவியல் சட்டத்தின் 379ஏ பிரிவு வரும். அது வாகனத் திருட்டுக்கென்றே உள்ளது. குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் ஏழு வருடம் சிறை, அதோடு அபராதமும் போடலாம். கதவை உடைத்து இரவில் புகுந்திருந்தால் 457ஆவது பிரிவு. திருடுவதற்காகப் புகுந்திருந்தால் சிறை 14 வருடம் வரை போகும்.

இரண்டுமே போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றங்கள். எந்தக் குற்றம் இந்த வகை, எது இல்லை என்பது நடைமுறைச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ரிப்போர்ட்டின் தலையெழுத்தே இங்கேதான் முடிவாகிறது என்பது என் எண்ணம். திருவிழாவில் அடிதடி, கன்னத்தில் ஓர் அறை, லேசான காயம் என்றால் அது 323. அதற்கு ஒரு வருடம் வரை சிறை அல்லது 2000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும். வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாத வகை அது. நடைமுறைச் சட்டத்தின் 108ஆவது பிரிவின்படி, அரசு வழக்கறிஞர் தரப்பின் உத்தரவு இல்லாமல் போலீஸ் அதில் விசாரணை அதிகாரங்களைப் பயன்படுத்த முடியாது. "அடித்தவன் கண்ணெதிரில் டீ குடித்துக்கொண்டிருக்கிறான், போலீஸ் பிடிக்கவில்லையே" என்று கொதிப்பவர்களின் ரிப்போர்ட் பெரும்பாலும் இந்த வகையில் வகைப்பட்டதாக இருக்கும். அதே அடியில் எலும்பு முறிந்தாலோ பல் உடைந்தாலோ அது கடுங்காயம், 325ஆவது பிரிவு. கைது செய்யலாம், ஏழு வருடம் வரை சிறை. அதனால்தான் அடிதடியில் ரிப்போர்ட் போட்ட கையோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போய்க் காயத்தைப் பதிவு செய்யச் சொல்கிறோம். முதலில் 323 என்று போனது, எக்ஸ்ரே வந்த பிறகு 325 ஆக மாறலாம்.

நான்காம் படி: தேதிகளை எண்ணுவது

நகலில் சம்பவ தேதி, ரிப்போர்ட் தேதி இரண்டும் இருக்கும். பிறகு வாங்கிய நகலாக இருந்தால் அச்சடித்த தேதியும் ஓரத்தில் இருக்கலாம். அதை ரிப்போர்ட் தேதி என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள். சட்டக் கணக்கெல்லாம் ரிப்போர்ட் தேதியிலிருந்துதான். நம் அண்ணனுக்கு அது 2025 மார்ச் 3.

முதலாவது, நான்கு வாரம். 107ஏ பிரிவின்படி, புகார் கொடுத்தவர் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கலாம். குற்றம் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய வகையாக இருக்க வேண்டும், ரிப்போர்ட் போட்டு நான்கு வாரம் கடந்திருக்க வேண்டும், சொல்லும் தகவல் விசாரணையையோ வழக்கையோ கெடுப்பதாக இருக்கக் கூடாது. கேட்டால் இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். மார்ச் 3இலிருந்து நான்கு வாரம் மார்ச் 31. அந்த வருடம் அன்றைக்குத்தான் நோன்புப் பெருநாள். அதனால் விடுமுறை முடிந்து ஏப்ரல் 2, புதன்கிழமை மனு கொடுக்கிறார் என்று வையுங்கள். ஏப்ரல் 16க்குள் பதில் வர வேண்டும்.

மனுவை எழுத்தில், ரிப்போர்ட் போட்ட அதே நிலையத்தின் தலைவர் பெயருக்குக் கொடுங்கள். ரிப்போர்ட் எண், தேதி, ஐ.சி. எண், ஐ.ஓ. பெயர், 107ஏ பிரிவின் கீழ் கேட்கிறேன் என்ற ஒரு வரி, இவ்வளவு போதும். மலாயில் அரைப் பக்கம் தாண்டாது. இரண்டு பிரதி எடுத்துப்போய், உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் கேட்டால் "இன்னும் விசாரணையில் இருக்கிறது" என்ற பதிலோடு திரும்புவீர்கள், கேட்டதற்கான அடையாளமும் இருக்காது. இரண்டு வாரத்தில் பதில் வரவில்லை என்றால், அந்த முத்திரைப் பிரதியை இணைத்து அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு எழுதலாம். அங்கிருந்து மாவட்டப் போலீஸ் தலைவரிடம் விவரமான அறிக்கை கேட்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது.

இரண்டாவது, மூன்று மாதம். 120ஆவது பிரிவின்படி, ரிப்போர்ட் தேதியிலிருந்து மூன்று மாதம் முடிந்து ஒரு வாரத்துக்குள் விசாரணைப் பத்திரம் அரசு வழக்கறிஞர் தரப்புக்குப் போக வேண்டும். அனுப்பத் தேவையில்லை என்று அவர்களே ஒதுக்கிய குற்றவகைகளுக்கு மட்டும் விலக்கு. அண்ணனின் கணக்கில் மூன்று மாதம் ஜூன் 3இல் முடிகிறது, பத்திரம் ஜூன் 10க்குள் போக வேண்டும். அதற்குள் திருடன் பிடிபட்டாக வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆள் கிடைக்காத பத்திரமும் இப்படித்தான் போகும். 'என்.எஃப்.ஏ.', அதாவது மேல் நடவடிக்கை இல்லை என்ற குறிப்போடு திரும்பவும் செய்யும். சந்தேக நபரே இல்லாத மோட்டார் திருட்டில் இதை எதிர்பார்த்துத்தான் இருக்க வேண்டும். பின்னாளில் புதுத் தகவல் கிடைத்தால் அதே ரிப்போர்ட் எண்ணைச் சொல்லி ஐ.ஓ.விடம் கொடுக்கலாம். பத்திரத்தை மறுபடி எடுக்கத் தடை இல்லை.

ஐந்தாம் படி: ஆள் பிடிபட்டால்

பொதுவாக அதற்கு முன்பே ஐ.ஓ. உங்களைக் கூப்பிட்டு 112ஆவது பிரிவின் கீழ் விரிவான வாக்குமூலம் எடுப்பார். போகும்போது ரிப்போர்ட் நகலைக் கையோடு கொண்டுபோய், உள்ளே போகும் முன் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

பிடிபட்டவரை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். 14 வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்றால் முதல் முறை அதிகபட்சம் நான்கு நாள், இரண்டாம் முறை மூன்று நாள். 14 வருடமோ அதற்கு மேலோ என்றால் ஏழும் ஏழும். முன்கூரையடியா, பூட்டிய சமையல்கட்டா என்று மேலே சொன்னது இங்கே வந்து நிற்கிறது: 379ஏ என்றால் மொத்தம் ஏழு நாள், திருட்டோடு சேர்ந்த 457 என்றால் பதினான்கு நாள் வரை. தடுப்புக்காவல் முடிந்து ஆள் வெளியே வந்துவிட்டால் வழக்கு விழுந்துவிட்டது என்று பதற வேண்டாம். பத்திரம் துணை அரசு வழக்கறிஞரிடம் போயிருக்கலாம். குற்றம் சாட்டுவதா, எந்தப் பிரிவில் என்பது அவர் முடிவு. திருடியதை நிரூபிக்க முடியாமல், திருட்டு மோட்டாரை வைத்திருந்தது மட்டும் தெரிந்தால் 411ஆவது பிரிவில் சாட்டுவதும் உண்டு. 379ஏ வழக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே நடக்கக்கூடியது.

மோட்டார் கிடைத்துவிட்டால் அன்றே ஓட்டிக்கொண்டு போக முடியாது. அது வழக்குப் பொருள். திருப்பித் தர மாஜிஸ்திரேட் உத்தரவு தேவை. படம் எடுத்து வைத்துக்கொண்டு வழக்கு முடியும் முன்பே வண்டியைத் தரச் சொல்லி ஐ.ஓ. மூலம் கேட்டுப் பார்க்கலாம். கிராண்டும் ரிப்போர்ட் நகலும் அப்போது தேவைப்படும்.

உங்கள் வீட்டுப் பையன் மேல் வேறொருவர் ரிப்போர்ட் போட்டிருந்தால், அந்த நகல் உங்களுக்குக் கிடைக்காது என்று யாராவது சொல்லலாம். 1977இல் அந்தோணி கோமெஸ் வழக்கில், முதல் தகவல் ரிப்போர்ட் பொது ஆவணம், குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதன் நகலைப் பெற உரிமை உண்டு என்று கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்போது நடைமுறைச் சட்டத்தின் 51ஏ பிரிவின்படி, நீதிமன்ற விசாரணை தொடங்கும் முன்பே அரசுத் தரப்பு அதைக் கொடுத்தாக வேண்டும். கைதான அன்றே வக்கீல் வேண்டும், கையில் பணம் இல்லை என்றால் தேசிய சட்ட உதவி அறவாரியத்தைக் கேளுங்கள். தடுப்புக்காவல் மனு வரும்போதே அவர்களின் வக்கீல் மாஜிஸ்திரேட் முன் நிற்க வழி உண்டு. நகல் கைக்கு வந்ததும் முதலில் மேலே சொன்ன அதே வரிகளைப் பாருங்கள்: சம்பவ நேரம், ரிப்போர்ட் நேரம், எந்த மொழியில் வாங்கியது, பையனின் பெயரையோ அடையாளத்தையோ புகார்தாரர் அன்றைக்கே சொன்னாரா, பிறகு சேர்ந்ததா. வக்கீலும் அங்கிருந்துதான் கேட்க ஆரம்பிப்பார்.